அத்தனை அட்ரோபின் ஊசி போட்டது தவறா, டாக்டர்?

*கேள்வி:* என் அப்பாவுக்கு 58 வயது. பெரம்பலூர் பக்கம் இரண்டு ஏக்கரில் பருத்தி போட்டிருக்கிறோம். போன மாதம் ஒரு நாள் மத்தியானம் வரை மருந்து அடித்தார். முதுகு டேங்க் ஒழுகி, பின்பக்கச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. டப்பாவில் புரோபெனோபாஸ் 40%, சைபர்மெத்ரின் 4% என்று இருந்தது. சாயங்காலம் வாந்தி, பேதி, வியர்வை, வாயில் எச்சில் ஒழுகல். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்தோம். உப்புத்தண்ணீர் கொடுத்து இன்னும் வாந்தி எடுக்க வைத்தோம். ஊர் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ராத்திரி மூச்சுத் திணறி ஜி.எச். போனதும், அரை மணி நேரத்துக்குள் இருபது ஊசிக்கு மேல் உடைத்துப் போட்டார்கள். நாடி 120 ஆன பிறகும் நிறுத்தவில்லை. மறுநாள் அப்பா பிதற்றினார், போர்வையைப் பிய்த்தார், காய்ச்சலும் வந்தது. மூன்றாம் நாள் தெளிவாகப் பேசியவர், அன்று ராத்திரியே தலையைத் தூக்க முடியாமல் போய், பத்து நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். நர்சிங் படிக்கும் என் தம்பி, "விஷமுறிவு அட்டவணையில் இந்த விஷத்துக்கு அட்ரோபின், பாம் என்று இரண்டு மருந்தும் இருக்கிறது. பாமை ஒரு தடவையோடு நிறுத்திவிட்டு அட்ரோபினை அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள்" என்கிறான். புகார் கொடுக்கலாமா? போலீஸ் வேறு வந்து விசாரித்தது. இனிமேல் வீட்டிலேயே அட்ரோபின் வாங்கி வைக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*பதில்:* முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஜி.எச்.சில் அன்று ராத்திரி செய்தது சரியான வைத்தியம். மறுநாள் வந்த பிதற்றல் அந்த மருந்தால்தான் வந்திருக்க வேண்டும். அதை எவ்வளவு சீக்கிரம் கவனித்து மருந்தைக் குறைத்தார்கள் என்பது மட்டும் கேட்கத் தகுந்த கேள்வி. கழுத்து விழுந்ததற்கும் அட்ரோபினுக்கும் சம்பந்தமில்லை. பாம் விஷயத்தில் உங்கள் தம்பி படித்த அட்டவணை உண்மையின் பாதியைத்தான் சொல்கிறது.

டப்பாவில் இருந்த இரண்டில் ஆளை வீழ்த்தியது புரோபெனோபாஸ். அது ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து. நம் நரம்புகள் சுரப்பிகளுக்கும் தசைகளுக்கும் கட்டளை அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கின்றன. வேலை முடிந்ததும் அதை உடைத்து அகற்ற ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறது. மடையைத் திறந்துவிட்டு, அடைக்க ஆளில்லாத வயல் மாதிரி உடம்பு ஆகிவிடுகிறது. கண்ணீர், எச்சில், வியர்வை, பேதி, தானாகப் போகும் சிறுநீர், எல்லாமே பெருக்கெடுக்கும். இதில் ஆளைக் கொல்வது நுரையீரலுக்குள் சுரக்கும் சளிநீர்தான். வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே மனிதர் உள்ளுக்குள் மூழ்கிக்கொண்டிருப்பார். "மூச்சுத் திணறி" என்று நீங்கள் எழுதியது அந்தக் கட்டம்.

வெயில் தாக்கியது என்று நீங்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. வியர்வையும் வாந்தியும் இரண்டிலும் வரலாம். ஆனால் வெயில் தாக்கியவருக்கு எச்சில் ஒழுகாது, வாய் வறண்டிருக்கும். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்திருந்தால், கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்திருக்கும். கண்ணிமையிலோ கெண்டைக்காலிலோ தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோலத் தசை துடிப்பதும் இதற்கே உரிய அடையாளம். அபின் வகை மருந்து அதிகமானாலும் கண்பாவை இப்படிச் சுருங்கும்; அதற்கு முறிவு நலோக்சோன். ஆனால் அந்த நோயாளி மூச்சு மந்தமாகித் தூங்கிக்கொண்டிருப்பாரே தவிர, உங்கள் அப்பாவைப்போல நனைந்து கிடக்க மாட்டார். ஒரே ஓர் அறிகுறியை வைத்து விஷத்தைச் சொல்ல முடியாது. நான்கைந்து சேர்ந்து வரும் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மருந்து அடித்த அன்றைக்கு இந்த முகம் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவோம்.

மத்தியானம் நனைந்தவருக்கு ஏன் சாயங்காலம் வந்தது? விஷம் தோல் வழியாகப் போயிருக்கிறது. குடித்தால் நிமிடங்களில் தெரிவது, தோல் வழியாகப் போகும்போது சில மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால்தான் அந்த உப்புத்தண்ணீரால் எந்தப் பயனும் இல்லை. விஷம் வயிற்றில் இல்லை, சட்டையில் இருந்தது. அன்று செய்திருக்க வேண்டிய முதல் வேலை அந்த ஈரச் சட்டையைக் கழற்றி, தலைமுடி முதல் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவது. வாந்தி எடுக்க வைப்பது ஆபத்தும்கூட. இந்த நோயாளிக்கு எந்த நேரமும் நினைவு தப்பலாம், வலிப்பு வரலாம். வாந்தி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. சிகிச்சை தாமதமான இடம் ஜி.எச். அல்ல, அதற்கு முந்தைய சில மணி நேரம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருபது ஊசி எதற்கு?

மேலே சொன்ன சுரப்பு வெள்ளத்தை உலர்த்தும் மருந்துதான் அட்ரோபின். அட்டவணையில் "ஆர்கனோபாஸ்பரஸ் – அட்ரோபின்" என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு என்று இருக்காது, இருக்கவும் முடியாது. உடம்பில் எவ்வளவு விஷம் ஏறியிருக்கிறதோ அதைப் பொறுத்தது அது. அதை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. நோயாளியின் நெஞ்சுதான் கருவி.

செய்முறை இதுதான். பெரியவர்களுக்கு 1.8 மில்லிகிராமில் தொடங்கலாம். நம் ஊரில் ஓர் ஆம்பியூலில் பொதுவாக 0.6 மில்லிகிராம் இருக்கும், அதாவது மூன்று ஆம்பியூல். ஐந்து நிமிடம் கழித்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்போம். இன்னும் கொரகொரப்பு இருந்தால் இரட்டிப்பு: 3.6 மில்லிகிராம், ஆறு ஆம்பியூல். மறுபடி ஐந்து நிமிடம். இன்னும் ஈரம் இருந்தால் 7.2, பன்னிரண்டு ஆம்பியூல். கூட்டிப் பாருங்கள்: கால் மணி நேரத்துக்குள் 21 ஆம்பியூல். வெளியே நின்று உடைந்த கண்ணாடியை எண்ணியவருக்கு அது அராஜகமாகத் தெரியும். உள்ளே நடந்தது மூன்றே மூன்று தவணை.

இப்படி வேகமாக இரட்டிப்பது இஷ்டத்துக்குச் செய்வதல்ல. வங்கதேசத்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய முறைப்படி அவ்வப்போது ஒரே அளவு போட்டவர்களில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள். இரட்டித்துக்கொண்டே போய், பிறகு டிரிப்பில் தொடர்ந்தவர்களில் இறந்தவர்கள் 8 சதவீதம். மருந்து ஒன்றுதான், கொடுத்த விதம் வேறு.

எப்போது நிறுத்துவது? நெஞ்சு சுத்தமாகக் கேட்க வேண்டும், நாடி 80க்கு மேல், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 80க்கு மேல், அக்குள் உலர்ந்திருக்க வேண்டும், கண்பாவை குண்டூசி அளவிலிருந்து விரிந்திருக்க வேண்டும். இதில் முதலிடம் நெஞ்சுக்கு. நாடி 120 ஆன பிறகும் ஏன் போட்டார்கள் என்றால், நெஞ்சு இன்னும் ஈரமாக இருந்திருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் நாடி ஏறும், பேதியில் உடம்பு வற்றினால் ஏறும், இந்த விஷமே சிலருக்கு நாடியை ஏற்றும். நாடி வேகமாக இருக்கிறது என்பதற்காக அட்ரோபினைப் பாதியில் நிறுத்துவதுதான் தவறு. உங்கள் தம்பி வார்டுக்குப் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் வந்த பிதற்றல்

நெஞ்சு உலர்ந்ததும் வேலை முடிவதில்லை. தோலிலும் கொழுப்பிலும் தேங்கிய விஷம் ஊறி ஊறி வந்துகொண்டிருக்கும். அதனால் உலரவைக்கத் தேவைப்பட்ட மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை மணிக்கு மணி டிரிப்பில் கொடுப்போம். உங்கள் அப்பாவுக்கு மேலே சொன்ன கணக்கே பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு இரண்டு முதல் நான்கு ஆம்பியூல். விஷம் குறையக் குறைய இதையும் குறைக்க வேண்டும். அதில் பிந்தினால் மருந்து மிஞ்சிவிடும்.

மிஞ்சியதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: பிதற்றல், காய்ச்சல், வயிற்றில் குடல் அசையும் சத்தம் கேட்காமல் போவது. சிறுநீர் கட்டுவதும் சேரும். போர்வையைப் பிய்ப்பது, காற்றில் எதையோ பிடிப்பது எல்லாம் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பவை. ஊமத்தங்காய் தின்றவர்களைக் கிராமத்தில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபின் வகைதான். இந்த நிலையில் செய்ய வேண்டியது டிரிப்பை நிறுத்தி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பார்த்து, அடங்கியதும் முன்பிருந்த வேகத்தில் 70–80 சதவீதத்தில் மறுபடி தொடங்குவது. கட்டிப்போடுவதைவிட அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பது நல்லது, ஏனென்றால் திமிறத் திமிறக் காய்ச்சல் ஏறும்.

இங்கே அட்டவணையை நம்புகிறவர் விழக்கூடிய குழி ஒன்று இருக்கிறது. அதே அட்டவணையில் "அட்ரோபின் – பைசோஸ்டிக்மின்" என்று இன்னொரு வரி இருக்கும். ஊமத்தை தின்றவருக்குச் சில சமயம் அதைக் கொடுப்பதுண்டு. 1864இலேயே பிராக் நகரில் அட்ரோபினைக் குடித்துவிட்ட சிறைக்கைதிகளுக்குக் கலபார் அவரையின் சாற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்; அந்த அவரையில் இருப்பதுதான் பைசோஸ்டிக்மின். ஆனால் அது வேலை செய்யும் விதம் என்ன? பூச்சிமருந்து பிடித்த அதே நொதியை அதுவும் பிடிக்கும். உங்கள் அப்பாவுக்கு அட்ரோபின் மிஞ்சிவிட்டது என்று யாராவது அதைக் கொடுத்திருந்தால், விஷத்துக்கு மேல் விஷம் வைத்த கதையாகியிருக்கும். மருந்தைக் குறைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி.

ஆகவே பிதற்றல் வந்ததே தவறு என்று சொல்ல மாட்டேன். உயிரைக் காக்கப் போட்ட மருந்து கொஞ்சம் மிஞ்சுவது நேரக்கூடியது. அது ஒரு நாளில் தெளிந்துமிருக்கிறது.

பாம் ஏன் ஒரு தடவையோடு நின்றது?

பாம் என்று சொல்லப்படும் பிராலிடாக்சிம் விஷம் பிடித்த நொதியை விடுவிக்கும். அட்ரோபின் வெள்ளத்தை உலர்த்துகிறது, பாம் மடையையே சரிசெய்கிறது என்று படிக்கும்போது, பாம்தான் உண்மையான முறிவு என்று யாருக்கும் தோன்றும். நடைமுறையில் இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது நேரம். நொதியைப் பிடித்த விஷம் சிறிது நேரத்தில் அதோடு இறுகிவிடும். இறுகியதைப் பாமால் பிரிக்க முடியாது. எவ்வளவு நேரத்தில் இறுகும் என்பது விஷத்தின் இனத்தைப் பொறுத்தது. குளோர்பைரிபாஸ் போன்ற டைஎத்தில் இனத்தில் பாதி நொதி இறுக ஒரு நாளுக்கும் மேல் ஆகும். டைமெத்தோயேட் போன்ற டைமெத்தில் இனத்தில் நான்கு மணி நேரம்கூட ஆகாது. புரோபெனோபாஸ் இந்த இரண்டிலும் சேராதது, இன்னும் வேகமானது. பாமுக்கு அது சரியாக இணங்குவதில்லை. மத்தியானம் நனைந்த உங்கள் அப்பா ராத்திரி வந்து சேர்ந்தபோது, பாம் செய்ய அதிக வேலை மிச்சமிருந்திருக்காது.

இரண்டாவது, பாம் பலன் தருமா என்பதே இன்னும் தீராத வழக்கு. மகாராஷ்டிரத்தில் பாராமதியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், அதிக அளவைத் தொடர்ந்து கொடுத்தவர்களில் 1 சதவீதம் பேரும், குறைந்த அளவு கொடுத்தவர்களில் 8 சதவீதம் பேரும் இறந்தார்கள். அது பாமுக்குச் சாதகம். ஆனால் இலங்கையில் 235 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், பாம் பெற்றவர்களில் ஏறத்தாழ 25 சதவீதமும் பெறாதவர்களில் 16 சதவீதமும் இறந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். பலன் மட்டும் தெரியவில்லை. இந்த இரண்டையும் படித்த ஒரு மருத்துவர், புரோபெனோபாஸ் நோயாளிக்கு முதல் தவணை கொடுத்துவிட்டு நிறுத்தினால் நான் குறை சொல்ல மாட்டேன். தொடர்ந்து கொடுத்திருந்தாலும் குறை சொல்ல மாட்டேன். எந்த விஷம் என்று தெரியாமலோ அட்ரோபினைத் தாமதப்படுத்திவிட்டோ பாமுக்காக அலைந்திருந்தால்தான் சொல்வேன்.

மூன்றாம் நாள் ராத்திரி

தெளிந்தவர் திடீரென்று தலையைத் தூக்க முடியாமல் போனதைக் கண்டு, ஏதோ தவறான ஊசி என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. இதற்கு இடைநிலைப் பலவீனம் என்று பெயர் சொல்லலாம். இலங்கையின் மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987இல் பத்து நோயாளிகளை வைத்து இதைத் தெளிவாக விவரித்தார்கள். விஷம் ஏறி ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், முதல் ஆபத்து தீர்ந்து நோயாளி பேசத் தொடங்கும் சமயத்தில் வரும். கழுத்து, தோள், இடுப்பு, பிறகு மூச்சுத் தசைகள் தளரும். இந்தத் தசைகளுக்கு நரம்பு கட்டளை சேரும் இடத்தில் அட்ரோபின் வேலை செய்யாது. அது சுரப்பிகளுக்கும் இதயத்துக்கும்தான். ஆகவே இதற்கு முறிவு என்று எதுவும் கிடையாது. தசை தானாகத் திரும்பும்வரை வென்டிலேட்டர் மூச்சு விட்டுக் கொடுக்கிறது. ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். பத்து நாள் வழக்கமான கணக்குதான். தலையைத் தூக்க முடியவில்லை என்பதைக் கவனித்து அன்று ராத்திரியே குழாய் போட்டார்களே, அந்த வார்டில் யாரோ விழிப்பாக இருந்திருக்கிறார்கள். சாதாரண வார்டுக்கு மாற்றி, தூங்கட்டும் என்று விட்ட இடங்களில்தான் இது விடியற்காலையில் ஆளைக் கொண்டுபோகிறது.

புகாரும் போலீசும்

நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் கேட்டால், மருத்துவ ஆவணங்களின் நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி சொல்கிறது. முதலில் அதை வாங்குங்கள். அட்ரோபின் குறிப்புத் தாளில் நேரம், அளவு, நெஞ்சு, நாடி, கண், குடல் சத்தம், காய்ச்சல் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். காய்ச்சலும் பிதற்றலும் குறித்த நேரத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் டிரிப் அதே வேகத்தில் ஓடியது என்று பாருங்கள். பல மணி நேரம் யாரும் பார்க்கவில்லை என்றால் மருத்துவமனைத் தலைமையிடம் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

போலீஸ் வந்ததற்காகப் பயப்பட வேண்டாம். விஷம் சம்பந்தமான எந்த நோயாளியையும் எம்.எல்.சி., அதாவது போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு என்று பதிவது வழக்கம். அப்பா மருந்து அடிக்கும்போது நேர்ந்தது என்று நடந்ததை அப்படியே சொன்னால் போதும். பருத்திக் காட்டில் இது அபூர்வமுமல்ல. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் இப்படி மருந்து அடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இருபது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்.

வீட்டில் அட்ரோபின்?

வேண்டாம். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தீர்களே, நெஞ்சைக் கேட்டுக் கேட்டு ஏற்ற வேண்டிய மருந்து இது. இன்னும் மோசமான ஒரு பழக்கத்தையும் கேள்விப்படுகிறேன்: மருந்து அடிக்கப் போகும் முன்பே பாதுகாப்புக்கு என்று அட்ரோபின் போட்டுக்கொள்வது. அது வியர்வையை நிறுத்தும். சித்திரை வெயிலில் வியர்க்காமல் வேலை செய்தால் உடல் சூடு ஏறி அதுவே ஆளைச் சாய்த்துவிடும். விஷத்தின் ஆரம்ப அறிகுறிகளையும் மறைத்துவிடும்.

வீட்டில் இருக்க வேண்டியவை சோப்பு, தண்ணீர், மாற்றுத்துணி, ஒழுகாத டேங்க். யாருக்காவது இப்படி ஆனால், துணி மாற்றுகிறவர் கையில் உறை போட்டுக்கொள்ளட்டும். தோல் பெல்ட், தோல் செருப்பு விஷத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அவற்றை மறுபடி போடக் கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். டப்பாவின் லேபிளைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் விஷத்தின் வீரியத்தைக் காட்டும் நிறச் சதுரமும், முறிவு மருந்து பற்றிய குறிப்பும் இருக்கும். டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில். டெல்லி எய்ம்ஸின் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். எந்த மருந்து என்று தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு முறிவே இல்லை, தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுப்பதுகூட அதில் நுரையீரலைக் கெடுக்கும்.

அப்பாவைப் பொறுத்தவரை, விஷம் பிடித்த அந்த நொதியான கோலினெஸ்டரேஸின் அளவை அவருடைய ரத்தத்தில் சோதித்து, பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை மருந்து அடிக்கவோ, அடித்த வயலுக்குள் இறங்கவோ விடாதீர்கள். சிவப்பணுவில் இருக்கும் நொதி நாளுக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் திரும்பும், அதனால் மூன்று மாதம்கூட ஆகலாம். அதற்குள் ஏதாவது அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், மயக்க மருந்து டாக்டரிடம் இந்த விஷத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்ஸமெத்தோனியம் இவருடைய உடம்பில் வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கிவிடும். விஷம் ஏறி இரண்டு, மூன்று வாரம் கழித்துச் சிலருக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு, பாதத்தில் மதமதப்பு, நடக்கும்போது பாதம் தொங்குவது என்று நரம்புப் பாதிப்பு தெரியும். செருப்பு காலிலிருந்து நழுவுகிறது என்று அவர் சொன்னால் நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.